மாதக்கணக்கில் பயன்படுத்தாத லேப்டாப்பை எப்படி எடுத்து வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறு மாதம் ஊரில் இருக்க மாட்டோம். லேப்டாப்பை ஃபுல் சார்ஜ் போட்டு வைத்துவிட்டுப் போனால் போதும்தானே?

வேண்டாம். எங்கள் சர்வீஸ் மேசைக்கு வரும் வெளியூர்ப் பயணிகளின் லேப்டாப்களில் பேட்டரி கெட்டுப்போவதற்குப் பெரிய காரணமே இதுதான். நல்ல எண்ணத்தில் நூறு சதவீதம் ஏற்றி, ஏப்ரல் மாதத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

லேப்டாப்பில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. முழு சார்ஜில் அதன் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேலே நிற்கும். அந்த உயர்ந்த வோல்டேஜில் செல்லுக்குள் இருக்கும் திரவம் மெல்ல மெல்ல மின்வாய்களோடு வினைபுரிந்துகொண்டே இருக்கும். நீங்கள் பயன்படுத்தினாலும் சரி, சும்மா வைத்திருந்தாலும் சரி, இது நடக்கும். வெப்பம் கூடினால் வேகமும் கூடும். இதனால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைகிறது. சில பேட்டரிகளில் வாயு உருவாகி உப்பலும் வருகிறது.

பேட்டரி பற்றிய கையேடுகளில் பரவலாகச் சொல்லப்படும் ஒரு கணக்கு இருக்கிறது. முழு சார்ஜில், 25 டிகிரி செல்சியஸில் ஒரு வருடம் வைத்த பேட்டரியில் பழைய கொள்ளளவில் ஏறக்குறைய 80 சதவீதம்தான் மிஞ்சும். அதையே 40 டிகிரியில் வைத்தால் 65 சதவீதம். ஆனால் 40 சதவீத சார்ஜில் வைத்த பேட்டரி 25 டிகிரியில் 96 சதவீதமும், 40 டிகிரியில் 85 சதவீதமும் தக்கவைத்துக்கொள்ளும். செல்லுக்குச் செல் இந்த எண்கள் மாறும். ஆனாலும் முழு சார்ஜும் வெயிலும் சேர்வதுதான் பேட்டரிக்கு ஆகவே ஆகாது என்பது எல்லா லித்தியம் அயன் பேட்டரிக்கும் பொருந்தும்.

அப்படியானால் எத்தனை சதவீதத்தில் வைக்க வேண்டும்? ஒருவர் 40 என்கிறார், இன்னொருவர் 50, இன்னொருவர் 80.

பேட்டரியின் வேதியியலை மட்டும் பார்த்தால் 40 முதல் 50 நல்லது. ஆப்பிள் நிறுவனமும் ஏறக்குறைய 50 சதவீதத்தில் வைக்கச் சொல்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் போனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி 50-க்கு ஏற்றச் சொல்கிறது.

ஆனால் உங்கள் வீட்டில் அதை ஏற்றிவைக்க ஆள் இருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். அணைத்து வைத்த லேப்டாப்பும் கொஞ்சம் கொஞ்சமாக சார்ஜை இழக்கும். செல் தானாகவே மாதம் ஒன்றிரண்டு சதவீதம் இழக்கும். அதற்கு மேல் பேட்டரியின் பாதுகாப்புச் சர்க்யூட்டும், பவர் பட்டனை எப்போது அழுத்துவீர்கள் என்று காத்திருக்கும் சிப்பும் சிறிது எடுத்துக்கொள்ளும். மாடலைப் பொறுத்து மாதத்துக்கு நாலைந்து சதவீதம் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60-ல் விட்டுப் போனால் ஆறு மாதத்தில் 30 வாக்கில் வந்து நிற்கும். அது பாதுகாப்பான இடம். 40-ல் விட்டுப் போனால் பத்து வரை இறங்கிவிடும், கொஞ்சம் பழைய பேட்டரியாக இருந்தால் அதற்கும் கீழே போகும்.

அதனால் வீடு பூட்டியிருக்கும் என்றால் நான் 60 என்றே சொல்வேன். வீட்டில் யாராவது இருந்து நடுவில் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள் என்றால் 50 போதும். 58, 63 என்று இருந்தால் கவலைப்பட வேண்டாம். சார்ஜரைக் கழற்றிவிட்டு வழக்கம்போல் வேலை செய்யுங்கள், 60 வாக்கில் இறங்கும்போது அணைத்துவிடுங்கள்.

பூஜ்ஜியத்துக்கு இறங்கினால் என்ன? வந்து சார்ஜ் போட்டால் ஏறிக்கொள்ளாதா?

ஓரிரு நாள் பூஜ்ஜியத்தில் இருந்தால் ஏறிக்கொள்ளும். திரையில் பூஜ்ஜியம் என்று காட்டும்போதுகூட செல்லில் ஏறக்குறைய 3 வோல்ட் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் தற்காப்புக்காக விடப்பட்டது. மாதக்கணக்கில் அப்படியே கிடந்தால் அதுவும் கரைந்து 2.5 வோல்ட்டுக்குக் கீழே போகும். அங்கே பேட்டரியின் பாதுகாப்புச் சர்க்யூட் இணைப்பைத் துண்டித்துவிடும்.

இன்னும் கீழே போனால் செல்லுக்குள் இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறு இடத்தில் படிந்து உள்ளுக்குள் ஷார்ட் ஆக வழி செய்யும். அதனால்தான் நீண்ட நாள் வெறுமையாகக் கிடந்த பேட்டரியைப் பல லேப்டாப்கள் ஏற்க மறுக்கின்றன. அந்த மறுப்பு உங்கள் பாதுகாப்புக்காகத்தான். பேட்டரியைத் திறந்து செல்லுக்கு நேரடியாக வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து உயிர்ப்பித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நான் ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் போனேன். நான்கு மாதம் கழித்து வந்து பார்த்தால் சுத்தமாகச் செத்துக் கிடந்தது. எப்படி?

மூன்று இடங்களில் பாருங்கள்.

முதலாவது, அது உண்மையில் ஷட் டவுன்தானா என்பது. மூடியை மூடினால் பெரும்பாலான லேப்டாப்கள் தூங்கத்தான் செய்யும், அணையாது. ஸ்லீப்பில் இருக்கும் லேப்டாப் சில நாட்களிலோ ஓரிரு வாரத்திலோ பேட்டரியைக் குடித்துவிடும். விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தாலும் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இருந்தால் அது முழு அணைப்பு கிடையாது. கணினியின் நிலையில் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு அணையும். அதுவே பேட்டரியைத் தீர்த்துவிடாது என்றாலும், நீண்ட நாள் வைக்கும்போது முழுதாக அணைப்பதே நல்லது. கமாண்ட் ப்ராம்ட்டைத் திறந்து இதைக் கொடுங்கள்:

```
shutdown /s /t 0
```

இரண்டாவது, அணைந்த பிறகும் போனுக்கு சார்ஜ் தரும் யூஎஸ்பி போர்ட். லெனோவோவில் இதற்கு Always On USB என்றும் டெல்லில் USB PowerShare என்றும் பெயர். லேப்டாப் ஆன் ஆகும்போதே திறக்கும் பயாஸ் என்ற அமைப்புப் பக்கத்திலோ அந்த நிறுவனத்தின் செயலியிலோ போய் அணைத்துவிடுங்கள். வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதையும், பென்டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டும்.

மூன்றாவது, மூடியைத் திறந்தாலே ஆன் ஆகும் மாடல்கள். 2016-க்குப் பிறகு வந்த பல மேக்புக்குகளும் சில விண்டோஸ் லேப்டாப்களும் அப்படித்தான். வீட்டைச் சுத்தம் செய்ய வந்த உறவினர் ‘இது என்ன’ என்று ஒரு தடவை திறந்து மூடியிருந்தால் போதும். லேப்டாப் விழித்துக்கொண்டு, பிறகு ஸ்லீப்புக்குப் போய், அங்கேயே கிடந்து தீர்ந்திருக்கும். மேலே ஒரு சீட்டில் ‘திறக்க வேண்டாம்’ என்று எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள்.

திங்க்பேட் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பல மாடல்களில் பயாஸுக்குள் Config, அதில் Power என்ற பகுதியில் Disable Built-in Battery என்று ஒரு தேர்வு இருக்கும். சார்ஜரைக் கழற்றிவிட்டு அதைக் கொடுத்தால் பேட்டரி உள்ளிருந்தபடியே துண்டிக்கப்படும். திரும்பி வந்து சார்ஜரைச் செருகினால் தானாக இணைந்துகொள்ளும்.

சார்ஜரிலேயே மாட்டிவிட்டுப் போகலாமா? என்னுடையது 80-ல் தானாக நின்றுவிடும்.

80-ல் நிறுத்தும் வசதி தினமும் மேசையில் செருகியே பயன்படுத்துபவர்களுக்கு நல்லது. பூட்டிய வீட்டில் ஆறு மாதம் செருகி வைப்பது வேறு. இடி மின்னல், மின்சாரம் போய் வரும்போது ஏறி இறங்கும் வோல்டேஜ், சூடாகும் அடாப்டர் எதையும் கவனிக்க அங்கே ஆள் கிடையாது. சார்ஜரைச் சுவரிலிருந்தும் கழற்றுங்கள், லேப்டாப்பிலிருந்தும் கழற்றுங்கள். வயரை இறுக்கிச் சுற்றாமல் தளர்வாகச் சுருட்டி வையுங்கள்.

வீட்டில் எங்கே வைப்பது? பரணில் இடம் இருக்கிறது.

பரண் வேண்டவே வேண்டாம். மேல்தளத்தில் குடியிருப்பவர்கள் கத்திரி வெயிலில் மதியம் பரணுக்குள் கையை விட்டுப் பாருங்கள். காங்கிரீட் தளம் பகல் முழுவதும் வாங்கிய சூட்டை இரவெல்லாம் கீழே இறக்கும். சூடான காற்று மேலேயே தங்கும். ஜன்னல் சாத்திய அறையில் அது 40 டிகிரியைத் தாண்டலாம். ஆப்பிள் நீண்ட நாள் வைப்பதற்குச் சொல்லும் வரம்பு 32 டிகிரிக்குக் கீழே. சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்தில் ஏசி இல்லாமல் அது நடக்காது. ஆகவே இருப்பதில் குளிர்ச்சியான இடத்தைத் தேட வேண்டும்.

வெயில் படாத, வீட்டுக்கு உள்பக்கமாக இருக்கும் ஒரு சுவரை ஒட்டிய அலமாரியின் கீழ்த்தட்டு பெரும்பாலான வீடுகளில் சரியான இடம். மேற்குப் பார்த்த சுவரும் குளியலறைச் சுவரும் ஆகாது. ஒன்று மாலை வெயிலில் சுடும், மற்றது ஈரம் கசியும். தரையிலிருந்து ஓர் அடியாவது உயரம் வேண்டும், ஏனென்றால் மழையில் முதலில் தண்ணீர் தேங்குவது தரையில்தான். கீழ்த்தளத்தில் வெள்ளம் வந்த அனுபவம் உள்ள பகுதியாக இருந்தால் நடுத்தட்டில் வையுங்கள். இரும்பு பீரோவும் நல்லதுதான், அதன் முதுகு வெயில் படும் வெளிச்சுவரில் ஒட்டாமல் இருந்தால். கீழ்த்தளத்தில் நம்பிக்கையான உறவினர் வீடு இருந்தால் அங்கே கொடுத்துவிட்டுப் போவது இன்னும் மேல்.

லேப்டாப்பின் மேல் புத்தகமோ பட்டுப்புடவை அடுக்கோ வைக்காதீர்கள். மூடியை அழுத்தினால் கீபோர்டின் கட்டங்கள் திரையில் அப்படியே அச்சாகப் பதிந்துவிடும். அதைத் துடைத்து எடுக்க முடியாது.

குளிர்ச்சிதான் நல்லது என்றால் ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாமே?

கூடாது. வெளியே எடுத்த நிமிடமே நம் ஊர்க் காற்றின் ஈரம் சர்க்யூட்டின் மேல் துளித்துளியாகப் படியும்.

மழைக்காலத்தில் பூஞ்சை வந்துவிடுமே. சிலிக்கா ஜெல் போட்டால் போதுமா, எவ்வளவு போட வேண்டும்?

திறந்த அலமாரிக்குள் நாலு பொட்டலம் போடுவதால் பயன் கிடையாது. அறையின் ஈரம் முழுவதையும் அது உறிஞ்சப் பார்த்து இரண்டு நாளில் நிறைந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவுக்குள் போட்டால்தான் வேலை செய்யும். மூடியைச் சுற்றி ரப்பர் வளையம் உள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பா பாத்திரக் கடைகளிலேயே கிடைக்கும்.

அளவை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். 30 டிகிரி சூட்டில், 80 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். 25 லிட்டர் டப்பாவுக்குள் அடங்கும் காற்றில் அரை கிராமுக்குச் சற்று மேல்தான். சிலிக்கா ஜெல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு ஈரத்தையாவது உறிஞ்சும். ஆக, 50 கிராம் ஜெல் தாராளம். துணியிலும் அட்டையிலும் ஒளிந்திருக்கும் ஈரத்தையும், மூடி வழியாக மெல்லக் கசிந்து வருவதையும் கணக்கில் எடுத்து 100 கிராம் போடுங்கள். ஈரம் பட்டால் நிறம் மாறும் ஜெல்லை வாங்கினால் திரும்பி வந்ததும் நிலைமை என்ன என்று பார்த்தாலே தெரியும். ஆரஞ்சு நிற ஜெல் ஈரமானால் பச்சையாகும், நீல ஜெல் இளஞ்சிவப்பாகும். பொட்டலங்களை லேப்டாப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். மூடிக்கும் கீபோர்டுக்கும் நடுவில் செருகாதீர்கள், திரை உடையும்.

வீட்டில் ஏசி இருந்தால் இன்னும் எளிது. ஏசி அறையில் டப்பாவைத் திறந்து வைத்து, ஒன்றிரண்டு மணி நேரம் ஓடவிட்டு, அந்த அறையிலேயே லேப்டாப்பை உள்ளே வைத்து மூடுங்கள். ஏசி காற்றில் ஈரம் குறைவு. 24 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதத்தோடு மூடிய டப்பா பிறகு 35 டிகிரிக்குச் சூடானாலும், உள்ளே ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழேதான் இருக்கும். பூஞ்சை வளர அது போதாது.

மாறாக, மழை பெய்யும் நாளில் ஜெல் இல்லாமல் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு முடிச்சுப் போட்டால் அந்த ஈரக் காற்றை லேப்டாப்போடு சேர்த்து அடைத்து வைக்கிறீர்கள்.

எறும்பு, கரப்பான் வராமல் இருக்க அந்துருண்டை போடலாமா?

துணிக்குப் போடுவது போல இதற்குப் போடாதீர்கள். அந்துருண்டை ஆவியாகி, மூடிய இடத்தில் மறுபடி மற்றப் பொருட்களின் மேல் படியும். சில வகை பிளாஸ்டிக்கை இளக்கியும் விடும். கற்பூரமும் அதே மாதிரி ஆவியாகும் பொருள்தான்.

எறும்புக்கு லேப்டாப் பிடிக்கக் காரணம் கீபோர்டுக்குள் விழுந்த பிஸ்கட் தூள்தான். அதைச் சுத்தம் செய்தாலே பாதி வேலை முடிந்தது. மீதிக்கு ரப்பர் வளையம் உள்ள டப்பா போதும். டப்பா இல்லையென்றால் அலமாரியின் கால்களைச் சுற்றி எறும்பு சாக்பீஸால் கோடு போடுங்கள். லேப்டாப்பின் மேலோ காற்றுத் துவாரத்தின் பக்கத்திலோ கோடு போட வேண்டாம்.

லேப்டாப்போடு வந்த பையிலேயே வைத்து ஜிப்பைப் போட்டுவிட்டால்?

பையைத் தடவிப் பாருங்கள். ரெக்சின் பையாக இருந்தால் தவிருங்கள். அதன் மேல் இருக்கும் பாலியூரித்தேன் பூச்சு ஈரமும் சூடும் சேரும்போது சிதைந்து உரியும். பழைய ரெக்சின் பையைப் பல மாதம் கழித்துத் திறக்கும்போது கறுப்புப் பொடுகு போல உதிர்ந்து, தொட்ட இடமெல்லாம் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது லேப்டாப்பின் மூடியிலும் ஒட்டிக்கொள்ளும். சில லேப்டாப்களில் கை வைக்கும் இடத்தில் இருக்கும் வழவழப்பான ரப்பர் பூச்சும் இதே காரணத்தால்தான் பிசுபிசுக்கிறது.

பழைய பருத்தி வேட்டித் துணியில் ஒரு சுற்றுச் சுற்றி டப்பாவுக்குள் வையுங்கள். துவைத்து, வெயிலில் நன்றாகக் காய்ந்த துணியாக இருக்க வேண்டும்.

வைப்பதற்கு முன் சுத்தம் செய்ய வேண்டுமா? எதால் துடைப்பது?

வேண்டும். கையின் வியர்வையில் உப்பும் எண்ணெயும் இருக்கின்றன. தினமும் பயன்படுத்தும்போது பெரிதாகத் தெரியாது. ஈரமான காற்றில் மாதக்கணக்கில் கிடக்கும்போது அதன் மேல்தான் பூஞ்சை பிடிக்கும், போர்ட்டுகளின் உலோகம் அரிக்கும். சமையலறைக்குப் பக்கத்தில் வைத்துப் பயன்படுத்திய லேப்டாப் என்றால் தாளித்த எண்ணெய்ப் படலமும் சேர்ந்திருக்கும்.

அணைத்து, சார்ஜரைக் கழற்றிய பிறகு தொடங்குங்கள். லேப்டாப்பைக் கவிழ்த்து லேசாகத் தட்டி, மென்மையான பிரஷ்ஷால் கீபோர்டின் இடுக்குகளைத் தள்ளுங்கள். பிறகு மைக்ரோஃபைபர் துணியில் 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைக் கொஞ்சம் நனைத்து, பிழிந்து, கீகளையும் கை வைக்கும் இடத்தையும் டச்பேடையும் துடையுங்கள். துணியில்தான் ஊற்ற வேண்டும், லேப்டாப்பின் மேல் தெளிக்கக் கூடாது. பிசுபிசுப்பான ரப்பர் பூச்சு உள்ள இடத்தில் ஆல்கஹால் வேண்டாம், தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும்.

திரைக்கு ஆல்கஹாலும் கண்ணாடி துடைக்கும் நீல நிற திரவமும் ஆகாது. திரையின் மேல் பூச்சு போய்விடும். லேசாக ஈரப்படுத்திய துணியால் அழுத்தாமல் துடைத்து, உலர்ந்த துணியால் ஒருமுறை எடுத்துவிடுங்கள்.

ஃபேன் துவாரத்தில் தூசி அடைந்திருந்தால் கையால் அழுத்தும் ரப்பர் பம்ப்பாலோ காற்று டப்பாவாலோ சின்னச் சின்ன ஊதல்களாக ஊதுங்கள். தெரு முனை பஞ்சர் கடை காற்றில் ஈரமும் எண்ணெயும் கலந்திருக்கும், அது வேண்டாம். ஒரே மூச்சில் ஊதி ஃபேனை வேகமாகச் சுற்ற விட்டால் அதன் பேரிங் கெடும். அடிமூடி திறந்திருந்தால் ஒரு பல்குச்சியால் ஃபேன் சுற்றாமல் பிடித்துக்கொண்டு ஊதலாம்.

எல்லாம் முடிந்ததும் உடனே மூடாமல் இரண்டு மூன்று மணி நேரம் ஃபேன் காற்றில் திறந்தே விடுங்கள். மூடியைத் திறந்தால் ஆன் ஆகும் மாடலாக இருந்தால், உலர்ந்து முடிந்த பிறகு ஒருமுறை ஆன் செய்து, முறையாக அணைத்துவிட்டு மூடுங்கள்.

உள்ளே இருக்கும் போட்டோக்கள் அழிந்துவிடுமா? எஸ்எஸ்டி கரண்ட் இல்லாமல் இருந்தால் மறந்துவிடும் என்கிறார்களே.

அந்தப் பேச்சுக்கு அடிப்படை உண்டு, ஆனால் ஆறு மாதத்துக்குப் பயப்பட வேண்டாம். எஸ்எஸ்டி தகவலை மின்னூட்டமாகச் சேமிக்கிறது, அது வருடங்களில் கசியும். ஜெடெக் என்ற தொழில்தர அமைப்பு வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டிக்கு வைத்த தரம், கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்க வேண்டும் என்பது. அதுவும் எழுதி எழுதித் தன் ஆயுளை முடித்த எஸ்எஸ்டிக்குச் சொன்ன கணக்கு. பாதி ஆயுள்கூட ஆகாதது அதைவிடப் பல மடங்கு தாங்கும்.

ஆனாலும் கிளம்பும் முன் முக்கியமானவற்றை வேறொரு டிஸ்கில் நகல் எடுங்கள், அதை வேறு வீட்டில் வையுங்கள். திருட்டும் வெள்ளமும் எஸ்எஸ்டியைப் பார்த்து வருவது கிடையாது.

அப்பாவும் அம்மாவும் ஏப்ரல் கடைசியில் அக்காவின் பிரசவத்துக்காக அமெரிக்கா போகிறார்கள். அக்டோபரில்தான் வருவார்கள். வீடு வேளச்சேரியில் மூன்றாவது மாடி, மேலே மொட்டை மாடி. எதை, எப்போது செய்யச் சொல்வது?

முழுக் கத்திரியும், கடைசியில் மழையின் தொடக்கமும் இந்த ஆறு மாதத்துக்குள் வருகின்றன. வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழே இருப்பதால் சூட்டைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே நகல் எடுத்து, விண்டோஸ் அப்டேட்டுகளை முடித்துவிடச் சொல்லுங்கள். அந்த நேரத்திலேயே பிட்லாக்கர் மீட்புச் சாவியையும் எழுதிவைக்க வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பல விண்டோஸ் 11 லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பிட்லாக்கர் என்ற பூட்டைப் போட்டுக்கொள்ளும். பேட்டரி முழுக்கத் தீர்ந்து பயாஸ் அமைப்புகள் மாறிவிட்டால், திரும்பி வந்து ஆன் செய்யும்போது 48 இலக்கச் சாவியைக் கேட்கக்கூடும். அது aka.ms/myrecoverykey என்ற முகவரியில், அப்பாவின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பெரும்பாலும் இருக்கும். ஒரு தாளில் எழுதி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பின் எண்ணையும் கூடவே. ஆறு மாதம் தட்டாத எண் மறந்துபோவது இயல்பு.

இரண்டு நாள் முன்பு சுத்தம் செய்யட்டும். முந்தின நாள் சார்ஜர் இல்லாமல் பயன்படுத்தி, 60 வாக்கில் வந்ததும் மேலே சொன்ன கட்டளையால் அணைக்கட்டும். படுக்கையறையில் ஏசி ஓடும்போது டப்பாவில் வைத்து, 100 கிராம் ஜெல்லோடு மூடி, இரண்டு அறைகளுக்கு நடுச்சுவரில் இருக்கும் அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்கலாம். மூன்றாம் மாடியில் தண்ணீர் பயம் இல்லை என்பதால் கீழ்த்தட்டே நல்லது. அங்கே பரணைவிடச் சூடு குறைவு. உங்கள் வீடு தரைத்தளத்தில், பக்கத்திலேயே இருந்தால் டப்பாவோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அப்படிச் செய்தால் ஜூலை வாக்கில் ஒருமுறை ஆன் செய்து, சார்ஜ் 40-க்குக் கீழே போயிருந்தால் 60-க்கு ஏற்றி, மறுபடி அணைத்து வைக்கலாம். மாதாமாதம் செய்ய வேண்டியதில்லை.

ஊரிலிருந்து வந்து பவர் பட்டனை அழுத்தினேன். ஒரு லைட்கூட எரியவில்லை.

பதற வேண்டாம். முதலில் லேப்டாப்பை அறையின் சூட்டுக்கு வரவிடுங்கள், அடிப்பக்கம் தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் அதன் சொந்த சார்ஜரைச் செருகி, ஆன் செய்யாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். ஆழமாக இறங்கிய பேட்டரிக்கு சார்ஜிங் சர்க்யூட் முதலில் மிகச் சிறிய மின்னோட்டத்தைத்தான் கொடுக்கும். அந்த நேரத்தில் விளக்கு எரியாமலோ விட்டுவிட்டோ எரியலாம். சி டைப் போன் சார்ஜரால் இந்த வேலை நடக்காமல் போகலாம், அதற்கு வாட் போதாது.

சார்ஜரோடு ஆன் ஆகிறது, ஆனால் பேட்டரி ஏறவே இல்லை என்றால் பெரும்பாலும் பேட்டரி தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கும். அப்படியானால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஆன் ஆனதும் தேதி பழைய வருடத்தைக் காட்டினால் அதைச் சரிசெய்யுங்கள். தேதி தப்பாக இருந்தால் வங்கித் தளம் உட்பட எந்த இணையதளமும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும், வைரஸ் என்று நினைத்துப் பயப்படுவார்கள். ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் தேதி மாறினால், உள்ளே இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். விலை குறைந்த பொருள்தான், சர்வீஸ் கடையில் மாற்றிவிடுவார்கள்.

டச்பேட் கொஞ்சம் மேலே தூக்கினாற்போல இருக்கிறது. சார்ஜ் போட்டுப் பார்க்கலாமா?

போடாதீர்கள். பேட்டரி உப்பியிருக்கிறது. மேசையில் வைத்தால் ஆடுவது, டச்பேட் அழுத்த முடியாமல் கட்டியாக இருப்பது, அடிமூடியின் ஓரத்தில் இடைவெளி தெரிவது எல்லாமே அதன் அடையாளங்கள். ஆன் செய்யவும் வேண்டாம், அழுத்தித் தட்டையாக்கவும் வேண்டாம், ஊசியால் குத்திக் காற்றை எடுப்பது நெருப்பில் முடியும். எரியக்கூடிய பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, சர்வீஸ் சென்டருக்கு போனில் சொல்லிவிட்டுக் கொண்டுபோங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாமல் அவர்களிடமே ஒப்படையுங்கள். இந்தியாவில் 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு.

எல்லாம் சரியாகச் செய்தோம் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரிக்கு உண்மையில் சேதம் வந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிளம்பும் முன்னும் வந்த பின்னும் ஒருமுறை விண்டோஸின் கமாண்ட் ப்ராம்ட்டில் இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

```
powercfg /batteryreport
```

battery-report.html என்ற கோப்பு எங்கே சேமிக்கப்பட்டது என்று அதுவே காட்டும். திறந்தால் DESIGN CAPACITY, FULL CHARGE CAPACITY என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது புதிதாக இருந்தபோது, இரண்டாவது இப்போது. உதாரணத்துக்கு, போகும்போது இரண்டாவது எண் 38,200 என்று இருந்து வந்தபோது 37,000 என்றால் நல்லபடியாக வைத்திருக்கிறீர்கள். 30,000 என்றால் சூடோ முழு சார்ஜோ வேலையைக் காட்டியிருக்கிறது. மேக்கில் இதே விவரம் பேட்டரி அமைப்புகளில் Battery Health என்ற இடத்தில் சதவீதமாக இருக்கும்.

வந்த அன்றே பார்த்து முடிவுக்கு வராதீர்கள். மாதக்கணக்கில் சும்மா இருந்த பேட்டரியின் அளவுமானி தடுமாறும். ஒன்றிரண்டு முறை முழுதாக ஏற்றி, பத்து சதவீதம் வரை இறக்கிப் பயன்படுத்திய பிறகு மறுபடி அறிக்கை எடுங்கள். அப்போது வரும் எண்ணை வைத்துப் பேட்டரியை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.